கன்சல்டிங் கடைக்காரர்களுக்கு ஒரு படத்திருத்துநரின் மடல்

கோவையில் பழைய கார் கன்சல்டிங் நடத்தும் உரிமையாளர்களுக்கு, வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளையின் முகப்பருவை அழித்துக்கொண்டிருந்தவன், சில ஆண்டுகளாக உங்கள் யார்டுகளில் நிற்கும் கார்களின் படங்களைச் சரிசெய்து தருகிறேன். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களுடன் வரும் குறிப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: 'அண்ணா, கொஞ்சம் நீட் பண்ணிடுங்க.' அந்தக் 'கொஞ்சம்' எதுவரை என்பதைப் பற்றித்தான் இம்மடல்.

சென்ற ஆண்டு ஒரு கடையிலிருந்து வெள்ளி நிற ஹேட்ச்பேக் ஒன்றின் படங்கள் ஒன்பது வந்தன. பின்னால் நின்ற வேறு வண்டியையும் ஈரத் துணி தொங்கிய கொடியையும் நீக்கினேன். எண் பலகையை மறைத்தேன். இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு மேலே, உள்ளங்கை அகலத்தில் ஒரு சொட்டை இருந்தது. அதையும் எடுக்கச் சொன்னார்கள்; எடுத்தேன். விளம்பரத்தைப் பார்த்துப் பழனியிலிருந்து ஒருவர் ஐயாயிரம் ரூபாய் டோக்கன் அனுப்பிவிட்டு, மறுநாள் மைத்துனரை அழைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார். வண்டியைச் சுற்றி வந்தவர் பின்சக்கரத்தருகே நின்று, கைப்பேசியில் இருந்த படத்தையும் எதிரில் இருந்த தகரத்தையும் மாறி மாறிப் பார்த்தாராம். டோக்கனைத் திரும்ப வாங்க அவருக்கு மூன்று வாரம் ஆயிற்று. 'நேரில் பார்த்துத்தானே வாங்குகிறார்கள், படத்தில் என்ன இருக்கிறது' என்று உங்களில் சிலர் சொல்வதுண்டு. அந்த மனிதர் பணம் அனுப்பியது நேரில் பார்ப்பதற்கு முன்பு. அனுப்பவைத்தது நான் வரைந்த படம்.

அந்த இடம் எது என்பதையும் சொல்ல வேண்டும். பம்பரையும் கதவையும் போல்ட்டைக் கழற்றி மாற்றிவிடலாம். பின்சக்கரத்துக்கு மேலுள்ள குவார்ட்டர் பேனலோ வண்டியின் கூட்டோடு வெல்டு செய்யப்பட்டது. அதில் விழுந்த சொட்டையை உள்ளிருந்து தட்டி எடுக்க வேண்டும், இல்லையேல் பட்டி பூசிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். மிக மோசமாக இருந்தால் பேனலையே அறுத்து வேறு பொருத்த வேண்டும். டிங்கரிங் தெரிந்தவர் அந்த இடத்தில் ஒரு மடிப்பைக் கண்டால் அடி எங்கே வாங்கியது என்று கேட்பார். அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைத்தான் நான் அழித்தேன்.

சொட்டையை அழிப்பது கீறலை அழிப்பதைப் போன்ற வேலையும் அன்று. கார் உடம்பு ஏறக்குறைய ஒரு கண்ணாடி. சொட்டை என்பது பெயிண்டின் மேலுள்ள கறையாகத் தெரிவதில்லை, அதில் விழும் பிம்பத்தின் கோணலாகத்தான் தெரிகிறது. எதிரே உள்ள காம்பவுண்டுச் சுவரின் விளிம்பு முன்கதவிலிருந்து பின்பக்கம் வரை ஒரே கோடாக ஓடிவந்து, அந்த இடத்தில் மட்டும் நெளியும். சொட்டையை எடுக்க வேண்டுமானால் அந்தச் சுவரின் பிம்பத்தை நானே நேராக வரைய வேண்டும். கூர்ந்து பார்ப்பவருக்கு அது பிடிபடும்: கோடு கதவு இடுக்கைத் தாண்டியதும் மங்கிப்போகும், மெட்டாலிக் பெயிண்டின் பொடிமினுக்கம் அந்தத் திட்டில் மட்டும் இருக்காது, அல்லது ஒரே மினுக்கம் இரண்டு இடத்தில் அச்சாகத் திரும்ப வரும். வெள்ளை வண்டியில் பிம்பம் அவ்வளவாகத் தெரியாதென்பதால் பொய்யும் எளிதில் தெரியாது. கைப்பேசித் திரையின் அளவில் எந்த நிறமானாலும் பெரும்பாலும் தெரியாது.

கீறலில் மட்டும் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மேற்பூச்சில் மட்டும் விழுந்த மயிரிழைக் கீறல், நகத்தால் வருடினால் மாட்டாதது, பாலிஷ் போட்டால் போய்விடும். நகம் மாட்டினால் பாலிஷுக்குப் போகாது, பெயிண்ட் வேலைதான். படத்தில் இரண்டையும் நான் ஒரே இழுப்பில் அழித்துவிடுகிறேன் என்பதுதான் சிக்கல். டெலிவரிக்கு முன் பாலிஷ் போடப் போகிறீர்கள் என்றால், போட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

ஸ்டிக்கர் விஷயத்தில் நானே வெகுநாள் ஏமாந்திருந்தேன். பின்கண்ணாடியில் உள்ள பழைய கடைப் பெயரும் குழந்தையின் பள்ளி வில்லையும் சூடு காட்டினால் உரிந்துவரும், தடம் இருக்காது. அவற்றைப் படத்தில் எடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. பெயிண்டின் மேல் பல ஆண்டு ஒட்டியிருந்த எழுத்து அப்படியன்று. வெயிலில் சுற்றுப்புற நிறம் வெளுத்திருக்கும், ஸ்டிக்கருக்கு அடியில் மட்டும் பழைய நிறம் அப்படியே நிற்கும். சிவப்பு வண்டியொன்றின் கதவில் ஒரு டிரைவிங் ஸ்கூலின் பெயரைப் படத்தில் நான் நீக்கிக் கொடுத்தேன். பிறகு யார்டில் நிஜமாகவே உரித்தபோது, அதே பெயரை அடர்சிவப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தது. பழகுபவர்கள் நாள் முழுதும் கிளட்சைத் தேய்த்த வண்டி என்பது வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய செய்தி. ஆர்.சி.யில் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள், விளம்பரத்தில் ஆர்.சி.யை யாரும் போடுவதில்லை.

ஆகவே எனக்கு நானே ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டேன். வண்டியை ஒப்படைக்கும் நாளில் தண்ணீரும் துணியும் செய்யக்கூடியதைப் படத்தில் நான் செய்வேன். சேற்றுத் தெறிப்பு, பறவை எச்சம், தூசி, வண்டிக்கு வெளியே உள்ள குப்பை ஆகியவை அதில் அடங்கும். சுத்தியலோ பட்டியோ பெயிண்ட்டோ தேவைப்படும் எதையும் தொட மாட்டேன். வெளிச்சத்தை அளவுக்கு மீறிக் கூட்டுவதையும் நான் செய்யாதவற்றோடு சேர்த்துக்கொள்கிறேன், ஏனெனில் அப்படிக் கூட்டினால் வெள்ளை வண்டியில் பேனலுக்குப் பேனல் உள்ள நிற வேறுபாடு கரைந்துவிடும். ரீபெயிண்ட்டைக் கண்ணால் காட்டிக்கொடுப்பது அந்த வேறுபாடுதான்.

'படம் விளக்கத்துக்கு மட்டும்' என்று அடியில் ஒரு வரி போட்டுவிட்டால் போதும் என்று ஒருவர் யோசனை சொன்னார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தின் வரையறைக்குள் வைத்திருக்கிறது. விளம்பரத்தில் உள்ள தவறான கூற்றை ஒரு பொறுப்புத்துறப்பு வரியால் சரிக்கட்ட முயலக் கூடாது என்று 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிமுறைகளும் சொல்கின்றன. குறிப்பிட்ட ஒரு வண்டியை விற்கும்போது அதன் படம் வேறெதற்கு விளக்கம் என்பதும் எனக்குப் புரியவில்லை.

இனி என்னிடம் வேலை தருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு சொட்டைக்கும் நகம் மாட்டும் கீறலுக்கும் தனியாக ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்தால் அளவு தெரிந்துவிடும். உச்சி வெயிலில் எடுத்தால் சொட்டை தெரியாது. காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்ந்து விழும்போது எடுங்கள். அந்தப் படங்களையும் விளம்பரத்திலேயே சேர்க்க வேண்டும். நீங்கள் அனுப்பும் அசல் படங்களை வண்டி கைமாறும்வரை நான் அழிக்காமல் வைத்திருப்பேன், வாங்குபவர் கேட்டால் காட்டுவேன். இதில் உடன்பாடு இல்லாதவர்களுக்கு இம்மாதக் கணக்கை முடித்துக்கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிகளின் படத்திருத்துநர்,
கோயம்புத்தூர்.