கிரிஸ்பரும் பி.டி.யும் ஒண்ணு இல்ல

ஆசிரியருக்கு வணக்கம். ஜீன வெட்டித் திருத்துற கிரிஸ்பர் முறைல வந்த பயிரையும், பூச்சிய எதிர்க்கிற பி.டி. பயிரையும் ஒரே தராசுல வெச்சு கட்டுரை போட்டிருந்தீங்க, அதான் எழுதுறேன். பி.டி.ல பாக்டீரியாவோட ஜீன் ஒண்ண செடிக்குள்ள போடுறாங்க, அது எந்த இடத்துல போய் ஒட்டும்னு முன்கூட்டி சொல்ல முடியாது. கிரிஸ்பர்ல கைடு ஆர்என்ஏ இடத்தக் காட்டும், காஸ்9ங்கற புரதம் அங்க வெட்டும், செல் தானே ஒட்டவைக்கும்போது ஒண்ணு ரெண்டு டிஎன்ஏ எழுத்து விட்டுப்போனா அந்த ஜீன் படுத்துடும். 2016ல அமெரிக்க விவசாயத் துறை, கிரிஸ்பர்ல திருத்தின, சீக்கிரம் பழுப்பாகாத காளானுக்கு, மரபணு மாத்தின பயிருக்கான தன்னோட ஜிஎம் விதி பொருந்தாதுன்னு சொன்னது அதுல வெளி டிஎன்ஏ இல்லங்கறதாலதான். 2018ல ஐரோப்பிய நீதிமன்றம் கிரிஸ்பர் மாதிரி ஜீன் எடிட்டிங்கையும் ஜிஎம்ஓ சட்டத்துக்குள்ளயே வெச்சுது, ஆனா கதிர்வீச்சுல கண்டபடி மியூட்டேஷன் பண்ணின பழைய ரகங்களுக்கு விலக்காம், வேடிக்கைதான்!

சிக்கல் டெஸ்ட்ல இருக்கு. பி.டி. ஜீன பிசிஆர்ங்கற டிஎன்ஏ டெஸ்ட்ல புடிச்சிடலாம், ரெண்டு எழுத்து போனது இயற்கையா போச்சா வெட்டிப் போச்சான்னு செடிய மட்டும் பாத்து சொல்றது ரொம்ப கஷ்டம். அதுக்காக கட்டுப்பாடே வேணாம்னு சொல்லல. காஸ்9 ஜீனையே பல சமயம் அக்ரோபாக்டீரியம்ங்கற பாக்டீரியா வழியாதான் உள்ள அனுப்புறாங்க, அடுத்த தலைமுறைல அது இல்லாத செடியத்தான் பொறுக்கினாங்களா, வெட்டு வேற எங்கயும் விழலையான்னு சீக்வென்ஸ் டேட்டா கேளுங்க.

- ஒரு வாசகர்