வராத படத்தைப் பற்றி ஒரு மாணவனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

மறுபடியும் அதே கேள்வியோடு எழுதியிருக்கிறாய். "சார், பீகிள் 2 எடுத்த படம் எங்கே?" முதல்முறை கேட்டபோது "வரவில்லை" என்றேன். அடுத்த முறை, "வரவில்லை என்றால் எடுக்கவில்லை என்று அர்த்தமா?" என்று பிடித்துக்கொண்டாய். சரியான பிடி. ஓய்வு மணி அடித்துவிட்டதால் அன்றைக்குத் தப்பித்தேன். இன்று உட்கார்ந்து சொல்கிறேன்.

பீகிள் 2 செவ்வாயின் தரையில் இறங்குவதற்காகச் செய்த ஒரு சிறு கலம். 2003 டிசம்பர் 19 அன்று மார்ஸ் எக்ஸ்பிரஸ் என்ற ஐரோப்பிய விண்கலம் அதைத் தன்னிடமிருந்து கழற்றி விட்டது. அது டிசம்பர் 25 அன்று செவ்வாயின் இசிடிஸ் சமவெளியில் இறங்க வேண்டும். இறங்கியதும் ஒரு சமிக்ஞை, அப்புறம் படங்கள். படங்களில் நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்க, வண்ணப் புள்ளிகள் இட்ட ஒரு சிறு தகட்டையும் அதில் பொருத்தியிருந்தார்கள். மார்ஸ் ஒடிசி என்ற அமெரிக்கக் கலம் தலைக்கு மேலே போகும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. இங்கிலாந்தின் ஜோட்ரெல் பேங்க் ரேடியோ தொலைநோக்கியும் கேட்டது. ஒரு சத்தமும் இல்லை. அடுத்த பிப்ரவரியில், தொலைந்துவிட்டது என்று அறிவித்தார்கள்.

இந்த மௌனத்தில்தான் சிக்கலே இருக்கிறது. பாராசூட் விரியாமல் மோதி நொறுங்கியிருந்தாலும் மௌனம்தான். பத்திரமாக இறங்கி, வாயை மட்டும் திறக்க முடியாமல் கிடந்தாலும் அதே மௌனம்தான். பூமியிலிருந்து கேட்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பதினோரு வருடம் அப்படியே போனது. அந்தத் திட்டத்தைத் தூக்கிச் சுமந்த காலின் பில்லிங்கர் 2014-இல் காலமானார், விடை வருவதற்குச் சில மாதங்கள் முன்பு.

2015 ஜனவரியில் விடை வந்தது, அதுவும் வேறொரு கேமராவின் படத்தில். செவ்வாயைச் சுற்றும் மார்ஸ் ரெக்கனைசன்ஸ் ஆர்பிட்டரில் ஹைரைஸ் என்ற கேமரா இருக்கிறது. அதன் படத்தில் ஒரு பிக்சல் தரையில் சுமார் 30 சென்டிமீட்டர். விரிந்த பீகிள் 2 இரண்டு மீட்டருக்கும் குறைவு. கணக்குப் போட்டுப் பார், மொத்தக் கலமும் ஆறேழு பிக்சலுக்குள் அடங்கிவிடும். அந்த அளவு பொட்டைப் பாறை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் வெவ்வேறு நாளில் எடுத்த படங்களில், வெயில் விழும் கோணம் மாற மாற அதன் பளபளப்பும் இடம் மாறியது. பக்கத்திலேயே பாராசூட்டும் பின்பக்க மூடியும் கிடப்பதாகத் தெரிந்தது. ஆக, அது நொறுங்கவில்லை. இறங்கியிருக்கிறது, விரியவும் தொடங்கியிருக்கிறது.

பிறகு ஏன் பேசவில்லை என்பாய். கலத்தின் எடை 33 கிலோ அளவுதான். அந்த எடைக்குள் எல்லாவற்றையும் அடக்க, மூடி போட்ட பாக்கெட் கடிகாரம் மாதிரி மடித்துவிட்டார்கள். மூடி திறந்து, அதிலிருந்து நான்கு சூரியப் பலகைகள் ஒவ்வொன்றாக விரிய வேண்டும். ஆன்டெனா அந்தப் பலகைகளுக்கு அடியில். கடைசிப் பலகை விரிந்தால்தான் அதற்கு வானம் தெரியும். இதில் எனக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு: அனுப்புவதற்கும் கேட்பதற்கும் அதே ஆன்டெனாதான். "பலகையை இன்னொரு முறை விரித்துப் பார்" என்று இங்கிருந்து கட்டளை அனுப்பினாலும் அதன் காதில் விழாது.

இனி உன் கேள்வி. படம் எடுத்ததா? எடுத்திருக்க இடமுண்டு. விரிந்த பலகைகளிலிருந்து கொஞ்சம் மின்சாரம் கிடைத்திருக்கும். கேமரா வேலை செய்ய ஆன்டெனா தேவையில்லை. ஆனால் எடுத்தது என்று யாரும் சாட்சி சொல்ல முடியாது. இன்னும் அங்கே சேமிப்பில் இருக்கிறதா என்று கேட்டால், யாராவது போய்த் திறந்து பார்க்கும்வரை அதற்குப் பதிலே கிடையாது.

உன் கட்டுரையில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். "நான்காவது பலகை விரியாததால் படம் வரவில்லை" என்று முடித்திருக்கிறாய். முதலில் இரண்டு, மிஞ்சினால் மூன்று பலகைகள்தான் விரிந்தன என்றார்கள். 2016-இல் ஓர் ஆய்வுக் குழு, ஒவ்வொரு நிலையிலும் வெளிச்சம் எப்படித் திரும்பும் என்று கணினியில் வரைந்து ஹைரைஸ் படங்களோடு ஒப்பிட்டது. குறைந்தது மூன்று, ஒருவேளை நான்குமே விரிந்திருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியது. நான்கும் விரிந்திருந்தால் பழுது வேறெங்கோ இருந்திருக்கிறது. ஆகவே "விரியாததால்" என்பதை அடித்துவிட்டு, "விரியாதது காரணமாக இருக்கலாம்" என்று எழுதி, திங்கட்கிழமை கொண்டு வா.

அன்புடன்,
உன் இயற்பியல் ஆசிரியர்