இருபது வருட லாபமும் இரண்டு வருட லாபமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டை 24 மாதங்களுக்குள் விற்றால் லாபத்துக்கு வருமான வரி அடுக்குப்படி வரி, அதற்குப் பின் விற்றால் 12.5 சதவீதம். இதைப் பணக்காரர்களுக்கான சலுகை என்று மாட்டுங்காவில் நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

2004-05இல் 20 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 2024-25இல் 80 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். கணக்கில் லாபம் 60 லட்சம். ஆனால் அரசின் பணவீக்கக் குறியீடு 113இலிருந்து 363 ஆகியிருக்கிறது. அன்றைய 20 லட்சம் இன்று சுமார் 64 லட்சம். அப்படியானால் உண்மையான லாபம் 16 லட்சம்தான். அந்த 60 லட்சத்துக்கு 30 சதவீதம் போட்டால் வரியே 18 லட்சம்! போட்ட முதலீட்டையும் கொஞ்சம் தின்றுவிடும். அப்புறம், இருபது வருட லாபம் ஒரே வருட வருமானமாகக் குவிந்து மேல் அடுக்குக்கும் போய்விடுகிறது. குறைந்த விகிதம் இந்த இரண்டையும் ஓரளவு ஈடுகட்டுகிறது.

ஆனால் மூன்றே வருடம் வைத்திருந்தவருக்கும் அதே 12.5 சதவீதம்தான். பணவீக்கம் அவரை அவ்வளவாகத் தொடவில்லையே. பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் கட்டும் வாய்ப்பு, 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு, நிலங்களுக்கு மட்டும் இருக்கிறது. புதிதாக வாங்குபவர்களுக்கும் அதைத் தர வேண்டும்.

ஒரு வாசகர்,
மாட்டுங்கா, மும்பை