கம்பளிக் கோட்டில் தவறான தையல்: புதிய கோட்டு அல்லது முழுப் பணம் கோரும் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். உங்கள் குன்னூர் கிளையில் மூன்று உருப்படிகள் தைக்கக் கொடுத்தேன். என் கம்பளிக் கோட்டு, வீட்டுக்காரருக்குத் தோட்ட வேலைக்கு டிரில் பேண்ட், மகளுக்கு வாயில் என்கிற மெல்லிய துணியில் குர்த்தி. எதற்கு எந்தத் தையல் என்று ஆர்டர் சீட்டிலேயே எழுதி, உங்கள் ஆளிடம் கையெழுத்தும் வாங்கினேன். கோட்டுக்கு லைனிங் கிடையாது, ஆகவே ஓரங்களுக்குப் பட்டி கட்டித் தர வேண்டும். பேண்டுக்கு ஃப்ளாட் ஃபெல். குர்த்திக்கு பிரெஞ்சு சீம். வந்து சேர்ந்தபோது கோட்டுக்கு பிரெஞ்சு சீம், குர்த்திக்குப் பட்டி. சீட்டை யாராவது படித்தீர்களா?

பேண்டைக் குறை சொல்ல மாட்டேன். உள்தொடையில் ஒரு பக்கத் துணியைக் குறைத்து, மறுபக்கத்தை அதன்மேல் மடித்து, இரண்டு வரி தையல் போட்டிருக்கிறீர்கள். பிசிறு எங்கும் வெளியே இல்லை. கேரட் பாத்தியில் நாள் முழுக்கக் குந்தி எழுந்தாலும் அது தாங்கும். அப்படியென்றால் உங்கள் டெய்லருக்கு வேலை தெரிகிறது. பிறகு கோட்டில் ஏன் இந்த அநியாயம்?

பிரெஞ்சு சீம் எப்படிப் போடுவது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் தையல் போட்டு, ஓரத்தை 3 மி.மீ. அளவுக்கு ஒட்டக் கத்தரித்து, திருப்பி அதை உள்ளே அடைத்து இரண்டாம் தையல். பிசிறு உள்ளே போய்விடும். ஆனால் அந்த மேட்டில் துணி நான்கு மடிப்பு. ஒரு பக்கம் சாய்த்து இஸ்திரி போட்டால் கீழே இருக்கும் துணியோடு ஐந்து. வாயிலிலும் ஜார்ஜெட்டிலும் ஐந்து மடிப்பு விரலுக்கே தெரியாது. என் கம்பளி ஏறக்குறைய 2 மி.மீ. தடிமன். ஐந்து மடிப்பு 1 செ.மீ.! விலாவில் கயிறு வைத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. இஸ்திரிக்கும் படியவில்லை, வெளிப்பக்கமே புடைத்து நிற்கிறது. பட்டி கட்டியிருந்தால் தையலை இரு பக்கமும் விரித்துப் படிய வைத்து, ஒவ்வொரு ஓரத்தையும் மெல்லிய கிராஸ் துணியால் சுற்றியிருப்பீர்கள்; எந்த இடத்திலும் கம்பளி இரண்டே மடிப்புதான். இங்கே மூடுபனியில் நனைந்த கோட்டு மற்ற இடமெல்லாம் காய்ந்தாலும் அந்த மேடு மட்டும் ஈரமாகவே கிடக்கிறது. இந்தக் குளிர்காலமே எனக்குப் பாழ்.

குன்னூர் கவுண்டரில் இருந்தவர் என்ன சொன்னார் தெரியுமா? "உள்ளே யாரும்மா பாக்கப் போறாங்க?" லைனிங் இல்லாத கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டால் உள்பக்கம்தான் முதலில் தெரியும். அதைச் சொன்னதற்கு, "தையல் தெரிஞ்சா நீங்களே தெச்சுக்க வேண்டியதுதானே" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எனக்குத் தைக்கத் தெரியும். என் வீட்டு மிஷினில் இந்தக் கம்பளி ஏறாது, அதனால்தான் உங்களிடம் வந்தேன். அந்த வார்த்தை இன்னும் தொண்டையில் நிற்கிறது. கோயம்புத்தூர் பட்டறையில் போய்க் கேளுங்கள் என்று அவர் சொன்னதை நம்பி மலை இறங்கி அங்கே போனால் "மாஸ்டர் லீவு" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். போன் செய்துவிட்டுத்தான் போனேன்!

குர்த்தியையும் சொல்லிவிடுகிறேன். வாயில் கண்ணாடி மாதிரித் துணி. அதில் கெட்டியான காட்டன் பட்டி கட்டினால் வெளியே கோடு கோடாகத் தெரியத்தானே செய்யும்? மகள் ஒரு முறைகூடப் போடவில்லை.

"பிரித்து ஓவர்லாக் அடித்துத் தருகிறோம்" என்று கடைசியாகப் போனில் சொன்னீர்கள். நன்றி, ஆனால் ஓவர்லாக் நான் கேட்டதில்லை. விலாவைப் பிரித்தால் 1 செ.மீ. துணியாவது மிஞ்சும், அதில் மெல்லிய பட்டி கட்டிச் சமாளிக்கலாம். கைக்குழி? வளைவில் பிரெஞ்சு சீம் இழுத்துப் பிடித்ததால் உங்கள் ஆள் தையல் வரை கத்தரியால் வெட்டு வெட்டாகப் போட்டிருக்கிறார். பிரித்தால் அங்கே பட்டி கட்ட முழு ஓரமே இல்லை. உள்ளே தள்ளித் தைத்தால் கை ஏறாது. அந்தக் கோட்டு கெட்டது கெட்டதுதான்.

ஆகவே தயவுசெய்து அதே கம்பளியில் புதிய கோட்டு, அல்லது துணி விலையும் கூலியும் முழுதாகத் திருப்பித் தாருங்கள். குர்த்திக்குப் புது வாயில் எடுத்து பிரெஞ்சு சீம் போட்டுத் தாருங்கள். அந்தக் கவுண்டர்காரர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். 15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ஆர்டர் சீட்டு, பில், கோட்டின் உள்பக்கப் படங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. உங்கள் பெயர் கெடுவதில் எனக்கு ஆசை இல்லை. அந்த நிலைக்குத் தள்ளிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரி வாடிக்கையாளர்

இணைப்பு: ஆர்டர் சீட்டு நகல், பில் நகல், கைக்குழிப் படங்கள்