மாதவிடாய் செயலிக்கு எவ்வளவு சொல்லலாம்?

ஆசிரியருக்கு,

மாதவிடாய் செயலியின் தகவல் வெளியே போக ஹேக்கர் தேவையில்லை. நாம் செயலியில் செய்வதைப் பிற நிறுவனங்களுக்கு அனுப்ப, உள்ளே பொருத்தியிருக்கும் பகுப்பாய்வு நிரலே போதும். 'ஃப்ளோ' செயலி மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2021-இல் சொன்ன குற்றச்சாட்டைப் பாருங்கள். கர்ப்ப வாரத்தைத் தேர்ந்தெடுத்ததும் R_PREGNANCY_WEEK_CHOSEN என்ற குறிப்பு, போனின் விளம்பர அடையாள எண்ணுடன் ஃபேஸ்புக்குக்குப் போனதாம். அந்தக் குறிப்பின் பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறதே! நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளாமல் சமரசம் செய்துகொண்டது.

அடுத்த தேதியைக் கணிக்க, உதிரப்போக்கு தொடங்கிய நாள் போதும். ஜனவரி 3, பிப்ரவரி 1 என்றால் இடைவெளி 29 நாள். அடுத்தது மார்ச் 2 வாக்கில். சுவர் காலண்டரில் ஒரு புள்ளி வைத்தாலே இந்தக் கணக்கு வந்துவிடும். மருத்துவரிடம் சொல்ல, எத்தனை நாள் நீடித்தது, அதிகப் போக்குள்ள நாளில் எத்தனை நாப்கின், வலி இருந்ததா என்பதையும் குறிக்கலாம். உடலுறவு விவரம் குழந்தைக்கு முயல்வோருக்குப் பயன்படும். மற்றவர்கள் அதை ஏன் பதிய வேண்டும்?

செயலியே வேண்டுமென்றால், கணக்கு தொடங்கச் சொல்லாமல் போனிலேயே சேமிப்பதைத் தேர்ந்தெடுங்கள். பழையதை விடும்போது முதலில் அமைப்புகளில் கணக்கை அழியுங்கள், பிறகு செயலியை நீக்குங்கள். செயலியை மட்டும் நீக்கினால் சர்வரில் உள்ளது அப்படியே இருக்கும்.