குடும்பக் கடனை ஆய்வு செய்யும் அரசியல் பொருளாதார மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு மாணவர்களே,

குடும்பக் கடன் நாட்டு உற்பத்தியில் இத்தனை சதவீதம் என்ற வரைபடத்தோடு கட்டுரையைத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. கடன் கூடியதை அது காட்டும். நிதிமயமாதல் வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பதைக் காட்டாது. அதற்கு ஒரு குழுக்கடன் தவணையைப் பின்தொடர்வதே நல்ல வழி.

முதலில் தவணை மேலே போகும் பாதையைப் பாருங்கள். வணிக வங்கிகள் தங்கள் கடனில் 40 சதவீதத்தை விவசாயம், சிறுதொழில், நலிந்த பிரிவினர் போன்ற முன்னுரிமைத் துறைக்குத் தர வேண்டும். கிளை வழியாகத் தர முடியாத வங்கிகள், நுண்கடன் நிறுவனம் ஏற்கெனவே கொடுத்த கடன்களை மொத்தமாக வாங்கிக் கணக்கை நிரப்புகின்றன. ஆக, திண்ணைக் கூட்டத்தில் ஐந்து பெண்கள் கட்டும் பணம் எங்கோ ஒரு வங்கிக்குச் சொத்து. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் பங்கு போட வேண்டியிருப்பதால்தான் அந்தச் சொத்து நம்பகமானதாகிறது. அக்கம்பக்கத்து உறவே பிணையாகிவிடுகிறது. என் பார்வையில் கட்டுரையின் மையம் இதுதான்.

இனி கீழே வாருங்கள். ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதிப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்தின் மொத்தத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உதாரணமாக, ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் ஈட்டும் விவசாயக் கூலிக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சராசரி மாதம் 20,000. தவணை 10,000 வரை போகலாம். ஆனால் நடவு, அறுவடை என இரண்டு மாதம் 40,000 வந்து, மீதிப் பத்து மாதம் 16,000 மட்டுமே வந்தால்? அந்தப் பத்து மாதமும் தவணை வருமானத்தில் 62.5 சதவீதம். கையில் நிற்பது 6,000. விதி மீறப்படவில்லை, ஆனால் அடுப்பு எரிய மளிகைக்கடைப் பற்றும் நகை அடகும் வேண்டியிருக்கிறது.

இன்னொரு ஓட்டை, குடும்பம் என்ற வரையறையில். கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் மட்டுமே விதியின் கண்ணில் ஒரு குடும்பம். மணமான மகன் அதே வீட்டில் அதே உலையில் சாப்பிட்டாலும் அவனுக்குத் தனி வரம்பு. மருமகள் பெயரில் கடன் வாங்கி மாமியார் தவணை கட்டுவது எந்தத் தரவிலும் குடும்பச் சுமையாகத் தெரியாது.

ஆகவே, கேள்வித்தாளில் ‘எவ்வளவு கடன்?’ என்பதோடு நிற்காதீர்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போட்டு, ஒவ்வொரு தவணையும் எதிலிருந்து கட்டப்பட்டது என்று கேளுங்கள்: கூலியா, அடகா, கைமாற்றா, புதுக்கடனா? புதுக்கடனிலிருந்து கட்டிய தவணைகள் மாதாமாதம் கூடிக்கொண்டே போனால், நிறுவனத்தின் ஏட்டில் வசூல் நூறு சதவீதமாக இருக்கும்போதே அந்தக் குடும்பம் மூழ்கத் தொடங்கிவிட்டது என்று அறியலாம். கடன் தகவல் நிறுவன அறிக்கையை மட்டும் நம்பினால் இது பிடிபடாது. கந்துவட்டியும் கைமாற்றும் அதில் ஏறுவதில்லை.

இப்படிக்கு,
கிராமக் கடன் ஆய்வில் பணிபுரிவோர்