லேப்டாப் உதிரிபாகக் கடைக்காரர்களுக்கு: கேபிள் பாக்கெட்டில் இன்னும் இரண்டு விவரம் எழுதுங்கள்

வணக்கம்.

நான் லேப்டாப் பழுது பார்ப்பவன். நீங்கள் விற்கும் டிஸ்ப்ளே கேபிள் பாக்கெட்டில் பெரும்பாலும் மாடல் பெயரும் '40 பின்' என்பதும்தான் இருக்கின்றன. அது போதவில்லை.

போன மாதம் ஒரு கேமிங் லேப்டாப் வந்தது. மூடியைச் சாய்த்தால் படம் துடிக்கும். கீலுக்குப் பக்கத்தில் கேபிள் அறுந்திருந்தது. 40 பின் இடிபி கேபிள் வேண்டுமென்று ஆர்டர் போட்டேன். 40 பின்தான் வந்தது, ஆனால் தலை 4 மில்லிமீட்டர் அகலம் கூடுதல். ஸ்க்ரீனில் பின்களுக்கு இடையே 0.4 மி.மீ., வந்த கேபிளில் 0.5. திருப்பி அனுப்பி வேறு வாங்க ஒன்பது நாள் ஆனது.

இந்த அளவை நீங்களே எடுத்துவிடலாம். முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடு வரை காலிப்பர் வைத்து அளந்து, பின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வகுக்க வேண்டும். 19.5 மி.மீ. இருந்தால், 39 ஆல் வகுக்க 0.5 வரும். 15.6 என்றால் 0.4. சாதாரண 30 பின் இடிபியில் இந்த நீளம் 14.5 மி.மீ. அந்த 30 பின்னுக்கும் 0.4 இடைவெளி உள்ள 40 பின்னுக்கும் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்பதால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அளவும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. பழைய எல்விடிஎஸ் 40 பின்னும், 0.5 இடைவெளி உள்ள 40 பின் இடிபியும் ஒரே வடிவத் தலைதான். மாற்றிச் செருகினாலும் சரியாக உட்காரும், ஆனால் உள்ளே வயர் வரிசை வேறு. பேக்லைட்டுக்குப் போகும் மின்சாரம் டேட்டா பின்னில் ஏறினால் ஸ்க்ரீனோ போர்டோ போய்விடும். பேக்லைட் ஃப்யூஸ் மட்டும் போயிருந்தால், டார்ச் அடித்தால் மங்கலாகப் படம் தெரியும்.

இங்கே ஸ்க்ரீனின் பின்பக்க ஸ்டிக்கரைப் பார்த்தால் விடை கிடைக்கும். N156BGE-L21 எல்விடிஎஸ், N156BGE-E31 இடிபி. கோட்டுக்குப் பின்னால் வரும் எழுத்துதான் வித்தியாசம். திங்க்பேடில் T430 எல்விடிஎஸ், அடுத்து வந்த T440 இடிபி. பெயர் அடுத்தடுத்து இருப்பதால் கேபிளும் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது.

ஆகவே பின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் எல்விடிஎஸ்ஸா இடிபியா என்பதையும், முதல் பின்னிலிருந்து கடைசிப் பின் வரையான நீளத்தையும் எழுதுங்கள். போர்டுப் பக்கத் தலை மாடலுக்கு மாடல் மாறும் என்பதால், கேபிளில் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பர் தெரியும்படி இரு முனைகளையும் படம் எடுத்துப் போடுங்கள். முதலில் 40 பின் கேபிள்களுக்கு மட்டும் செய்தாலும் போதும்.

இப்படிக்கு,
உங்களிடம் கேபிள் வாங்கும் ஒரு மெக்கானிக்